மூன்று மஞ்சள் பூக்கள்: ஒரு பள்ளித் தோட்டக்காரரின் கடிதம்



போன மாதம் இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி காதோரம் ஒரு மஞ்சள் பூவைச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் அம்மா அதைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது விஷப் பூவா?" என்று கேட்டார். அரளி அது, உடனே குளிப்பாட்டுங்கள் என்றார் ஒருவர். சிவனுக்குச் சாத்துகிற பூ, ஒன்றும் செய்யாது என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டு வாசலிலேயே வளர்க்கிறோம் என்றார் மூன்றாமவர். சாயங்காலம் அந்தப் படம் என் கைக்கு வந்தது. பார்த்தேன்; எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பூ மட்டும்தான் படத்தில் இருந்தது. இலை இல்லை, காம்பு இல்லை, காய் இல்லை.

மறுநாள் காலை அந்தப் பாப்பாவிடமே, "எங்கே பறித்தாய், காட்டு கண்ணு" என்றேன். என் விரலைப் பிடித்து விளையாட்டு மைதானத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக அழைத்துப்போனாள். அங்கே இரண்டு செடிகள் கிளைக்குள் கிளை பின்னி நிற்கின்றன. ஒன்று நர்சரிக்காரர்கள் டெகோமா என்று கொடுப்பது. மற்றது நிஜமான மஞ்சள் அரளி. நுழைவாயில் பந்தலில் படர்ந்திருக்கும் அலமண்டாவுக்கும் இதே நிறத்தில்தான் பூ. நம் ஊரில் மூன்றையும் சேர்த்து மஞ்சள் அரளி என்று சொல்பவர்கள் உண்டு. குழுவில் பதில் சொன்ன மூவரும் ஆளுக்கொரு செடியை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு வளாகத்துச் செடிகளின் படங்களை எண் போட்டு அனுப்புகிறேன். முதல் மூன்றும் இந்த மஞ்சள் பூக்கள்தான்.

முதல் படம், டெகோமா. இலையைப் பாருங்கள். வேப்பிலை மாதிரி ஒரே ஈர்க்கில் பல சிற்றிலைகள். ஓரமெல்லாம் ரம்பப் பல். காம்பை ஒடித்தால் பால் வராது. காய், பீன்ஸ் போல ஒல்லியாக நீண்டு தொங்கும். பூவின் தொண்டைக்குள் செந்நிறத்தில் மெல்லிய கோடுகள் இருக்கும். பாப்பா காதில் வைத்திருந்தது இதுதான். தாராளமாகத் தொடலாம், தலையில் வைக்கலாம்.

இரண்டாம் படம், அலமண்டா. கணுவுக்குக் கணு மூன்று நான்கு இலைகள் வட்டமாக நிற்கும். இலை தடித்து வழவழப்பாக இருக்கும். ஒடித்தால் பால் வரும். அந்தப் பால் சில பிள்ளைகளுக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும். பூவைத் தொட்டுப் பார்க்கலாம். கிளையை ஒடிக்க வேண்டாம்.

மூன்றாம் படம்தான் மஞ்சள் அரளி. இலை விரல் அகலம்கூட இருக்காது. நீளமாக, பளபளப்பாகக் கிளையைச் சுற்றி நெருக்கமாக அடுக்கியிருக்கும். பூ முழுசாக விரியாது. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு புனல்போலத் தொங்கும். ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் உடனே சொட்டும். காய் பச்சையாக, பட்டை தீட்டினாற்போல நாலு பக்கம் புடைத்து இருக்கும்; பழுத்தால் கறுத்துப்போகும். அதன் சதை அழுகி உதிர்ந்தபின் தரையில் கிடப்பது முக்கோணமான ஒரு கெட்டிக் கொட்டை.

இந்தப் பூவைச் சிவன் கோயிலில் சாத்துகிறார்கள் என்பது சரி. பூவைக் கையால் எடுத்து மாலை கட்டியவருக்கு விஷம் ஏறாது. ஆனால் செடி முழுக்க நஞ்சு இருக்கிறது, எல்லாவற்றையும்விட அதிகமாகக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில். அது இதயத் துடிப்பைக் குலைக்கிற நஞ்சு. தொட்டால் அல்ல, மென்று விழுங்கினால்.

இதைச் சொல்லவே கடிதத்தைத் தொடங்கினேன். பாப்பாவோடு அந்தச் சுவரோரம் நின்றபோது, பத்தடி தள்ளி நாலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். கல் இல்லை, ஐந்தும் மஞ்சள் அரளிக் கொட்டைகள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, கைக்கு வாகாக, வழவழவென்று இருந்தன. ஒரு பையன் ஒரு கொட்டையைக் கல்லால் தட்டி உடைத்து, உள்ளே பாதாம் மாதிரி வெள்ளைப் பருப்பு இருப்பதைக் காட்டினான். "தின்னியாடா?" என்றேன். "இல்ல தாத்தா, கசக்கும்னு அண்ணன் சொன்னான்" என்றான். அவர்கள் அத்தனை பேரையும் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, வகுப்பாசிரியரிடம் சொல்லி, யாரும் வாயில் வைக்கவில்லை என்று ஒவ்வொருவரையாகக் கேட்டு உறுதி செய்தோம்.

பூவைக் காதில் வைத்தவளுக்காகக் குழுவே பதறியது. கொட்டையை மடியில் கட்டிவைத்திருந்தவர்களை நான் உட்பட யாரும் கவனிக்கவில்லை. கொட்டையைப் பெருக்கி எடுக்க வேண்டியவன் நான். அதற்காகப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பிள்ளை இதைத் தின்றது என்று தெரிந்தாலோ, தின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலோ வீட்டில் எதுவும் செய்து பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். மிச்சக் கொட்டையையும் ஒரு கொத்து இலையையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் வாந்தியும் வயிற்றுவலியும்தான் வரும். துடிப்பு மெதுவாவதும் தாறுமாறாவதும் பல மணி நேரம் கழித்துக்கூட நடக்கும். அதனால்தான் பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்த்து, படுக்கையில் வைத்துக் கவனிப்பார்கள். "ஒன்றும் ஆகவில்லையே" என்று அன்றிரவே கூட்டிவந்துவிட வேண்டாம்.

நான்காம் படம், எருக்கு. நாம் வைத்த செடி இல்லை. பின்பக்க வேலிக்கு வெளியே தானாக முளைத்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட எல்லோரும் தேடும் செடி. பிள்ளைகளுக்கு அதன் மொட்டை விரலால் நசுக்கி 'டப்'பென்று வெடிப்பது விளையாட்டு. அப்போது தெறிக்கும் பால் விரலில் ஒட்டும். அந்த விரலால் கண்ணைக் கசக்கினால்தான் ஆபத்து. மிளகாய் பட்டாற்போல எரிந்தால் பிள்ளை அழும், நமக்குத் தெரிந்துவிடும். எருக்கம்பால் பட்ட கண்ணில் பலசமயம் வலியே பெரிதாக இருக்காது; சில மணி நேரத்தில் பார்வை மட்டும் புகை படிந்தாற்போல மங்கும். கருவிழியின் உட்பக்க அடுக்கு பாதிக்கப்பட்டுக் கருவிழி வீங்குவதால் அப்படி. வலி இல்லை என்று விட்டுவிடாமல், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

ஐந்தாம் படம், அலுவலக வராந்தாவில் தொட்டியில் நிற்கும் டைஃபன்பேக்கியா. பச்சை இலையில் வெள்ளைத் தெளிப்பு. தொடலாம். கடிக்கக் கூடாது. கருணைக்கிழங்கைப் புளி போடாமல் சமைத்தால் தொண்டை அரிக்குமே, அதே சமாச்சாரம்தான் இதிலும். கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இலைக்குள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மென்றதும் நாக்கில் குத்தி எரிச்சலும் வீக்கமும் வரும். வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் மருத்துவமனைதான். உங்கள் வீட்டு மணி பிளான்ட்டும் இதே வகை. தவழுகிற குழந்தை இருந்தால் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

நான் அனுப்பும் படங்களில் தொடுவதே ஆகாத செடி ஒன்றுதான்: ஆறாம் படம், பார்த்தீனியம். கேரட் இலை போன்ற இலை, உச்சியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ஒருமுறை கை பட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பப் பட்டால் உடம்புக்கு ஒவ்வாமை பழகிவிடும். பல வருடம் வெறுங்கையால் பிடுங்கியதன் பலனாக எனக்கு இப்போது அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றாலே கழுத்தும் இமையும் தடித்துப்போகிறது. மழைக்காலம் வந்ததும், பூ விடுவதற்கு முன்பே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு எடுக்கிறேன். 'மரம் நடும் நாள்' என்று பிள்ளைகளைக் கொண்டு களை எடுக்க வைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

மிச்சப் படங்களைப் பற்றிப் பயமே வேண்டாம். செம்பருத்தி, துளசி, சங்குப்பூ, இட்லிப்பூ எல்லாம் பிள்ளைகள் கைக்கே வளர்த்தவை. இட்லிப்பூவின் தேனை உறிஞ்சினால்கூட நான் தடுப்பதில்லை. கழுவிவிட்டு உறிஞ்சச் சொல்வேன். தொட்டாற்சுருங்கியைத் தொடாமல் எந்தப் பிள்ளையும் இருக்காது; தண்டில் முள் உண்டு, இலை நுனியில் தொடச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு செடி சந்தேகமாக இருந்தால் எனக்குப் படம் அனுப்பலாம். பூவை மட்டும் எடுக்காதீர்கள். இலை கிளையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒன்று, காயோ விதையோ இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று, நீங்களே ஒரு காம்பை ஒடித்து ஒடித்த இடத்தைக் காட்டி ஒன்று. ஒடித்த கையைக் கழுவிவிடுங்கள்.

மைதானத்து ஓரத்து மஞ்சள் அரளியைத் தலைமையாசிரியர் அனுமதியோடு போன சனிக்கிழமை வேரோடு எடுத்துவிட்டேன். புகை ஆகாது என்பதால் எரிக்கவில்லை; கொட்டைகளைக் கூட்டி அள்ளி, கிளைகளோடு இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்திருக்கிறேன். மண்ணில் தப்பிய விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். ஐப்பசி முடியும்வரை வாரம் ஒருநாள் அந்த இடத்தைச் சுற்றி வந்து நாற்றுகளைப் பிடுங்குவேன். உங்கள் பிள்ளை பையில் முக்கோணக் கொட்டை இன்னும் இருக்கிறதா என்று இன்று இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளித் தோட்டக்காரர்