முதுகில் சுமக்கும் நஞ்சு

சென்ற ஆண்டு பருத்திப் பருவத்தில், என் சின்னம்மா மகன் ஒருவரின் ஒன்றரை ஏக்கருக்கு மருந்தடிக்கப் போனான். கூலி நாளுக்கல்ல, டேங்குக்கு இவ்வளவு என்று பேச்சு. டேங்க் கணக்கு என்றால் வேகமாக முடித்தால்தான் காசு. காலை ஏழு மணிக்குத் தொடங்கியவன் பதினொரு மணிக்குள் பன்னிரண்டு டேங்க் அடித்துவிட்டான். செடி மார்பளவு உயரம். கைலி, பழைய பனியன், மூக்கில் நனைத்துக் கட்டிய துண்டு. இவ்வளவுதான் அவனுக்கு இருந்த பாதுகாப்பு. டேங்கின் மூடி சரியில்லாமல் முதுகெல்லாம் ஒழுகியிருந்தது.

தலை சுற்றுகிறது என்று சொன்னபோது வரப்பில் நின்றவர், "வெயிலுதான்டா, நிழல்ல உக்காந்து மோர் குடிச்சிட்டு மிச்சம் ரெண்டு டேங்கையும் முடிச்சிட்டுப் போ" என்றார். அவனும் "சரிங்கய்யா" என்று எழுந்தான். நிலம் இல்லாதவன், அடுத்த வாரமும் அதே வரப்பில் வேலை கேட்டு நிற்க வேண்டியவன், வேறென்ன சொல்வான்? பதினான்காவது டேங்கை அவன் முடிக்கவில்லை.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காடுகளிலும் சாவு நடந்தது. இவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்ல. மருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போனது.

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் எண்ணெய்ப் பசையுள்ளவை. வியர்வையில் நனைந்த தோலில் எளிதாக இறங்கிவிடும். உடம்பில் எல்லா இடமும் ஒன்றல்ல. உள்ளங்கையைவிட நெற்றியும் கழுத்தும் வேகமாக உறிஞ்சும். அதைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சுவது தொடை இடுக்கும் விதைப்பையும். நனைந்த கைலியோடு நான்கு மணி நேரம் நின்றவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று இதிலிருந்து தெரியும்.

மூக்கில் கட்டும் ஈரத் துண்டு காப்பாற்றாது. காற்றில் வரும் மருந்துத் துளியை அதுவே உறிஞ்சி மூக்கோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், முழங்கையின் பாதிவரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி, தொப்பி, ரப்பர் பூட்ஸ் வேண்டும். பேண்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் தேங்கும். மார்பளவு வளர்ந்த பயிரில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்றை முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் வையுங்கள். பெரிய செலவில்லை, ஆனால் அதிகம் நனையும் இரண்டு இடங்களையும் அது மூடும்.

இவையெல்லாம் தொழிலாளி தன் கூலியில் வாங்க வேண்டியவை என்று பலர் நினைக்கிறார்கள். 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின் 39ஆம் விதி, மருந்து தெளிப்பவருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்கிறது. கையுறை, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே கூலி பேசும்போதே உடையையும் பேசுங்கள். ஒருவராகக் கேட்டால் அடுத்த ஆளைத் தேடுவார்கள். தெருவே சேர்ந்து கேட்டால் தேட ஆளிருக்காது.

மருந்தடித்த மறுநாள் அதே காட்டுக்குள் போவது நம் பெண்கள். களையெடுக்க, பருத்தி பொறுக்க. இலையில் படிந்திருப்பது கையிலும் காலிலும் ஏறும். டப்பாவின் தாளில் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வேலையாள் எப்போது உள்ளே நுழையலாம் என்பது பலவற்றில் இருக்காது. அமெரிக்கச் சட்டத்தில், தாளில் தனியாகக் குறிக்காத இடத்தில், மிகக் கடுமையான நஞ்சுக்கு 48 மணி நேரம், அடுத்த தரத்துக்கு 24 மணி நேரம் என்று குறைந்தபட்ச இடைவெளி உண்டு. நாம் இப்படி வைத்துக்கொள்ளலாம். டப்பாவில் முக்கோணத்தின் நிறம் சிவப்பு அல்லது மஞ்சள் என்றால் இரண்டு முழு நாள் உள்ளே போகக் கூடாது. நீலமோ பச்சையோ என்றால் ஒரு முழு நாள். தாளில் அதைவிட அதிகம் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. அடித்த வயலின் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

இனி, வெயில் மயக்கமா விஷமா என்று எப்படி அறிவது? தலைவலி, தலைசுற்றல், குமட்டல் இரண்டிலும் வரும். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். வெயிலில் நீர் வற்றியவருக்கு வாயும் நாக்கும் காய்ந்திருக்கும். பாஸ்பரஸ் வகை மருந்து ஏறியவருக்கு உடம்பு முழுக்க நீர் கொட்டும். வாயில் எச்சில் ஊறும், கண்ணீரும் மூக்குநீரும் வழியும், வயிறு முறுக்கிப் பேதியாகும். கண்மணியைப் பாருங்கள். குண்டூசித் தலைபோல் சுருங்கியிருக்கும், பார்வை மங்கும். சதை தானாகத் துடிப்பதும் நெஞ்சு அடைப்பதும் ஆபத்து முற்றிவிட்டதன் அடையாளம். இவை எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்காதீர்கள். மருந்தடித்தவர் மயக்கம் என்றாலே விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து இரவில் தொடங்குவதும் உண்டு.

என் தம்பி வரப்பில் சாய்ந்தபோது எச்சில் வழிந்தது. அவனோடு தண்ணீர் சுமந்த அக்காதான் அதைக் கவனித்து 108க்குப் போன் செய்யச் சொன்னவர். நனைந்த துணியை எல்லாம் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை கழுவினார்கள். அது சரி. உதவுபவரும் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். மயங்கியவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மருந்து டப்பாவைத் தாளோடு கட்டாயம் எடுத்துப் போங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் அட்ரோபின் போடலாமா, வேறு சிகிச்சையா என்று முடிவெடுப்பார்.

மறுநாள் தெளிந்துவிட்டான் என்று அவனை வீட்டுக்குக் கூட்டிவரத் துடித்தோம். டாக்டர் விடவில்லை. பாஸ்பரஸ் விஷத்தில் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் திடீரென்று கழுத்துச் சதை தளர்ந்து மூச்சு நின்றுபோவது உண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் அதுதான் முதல் அறிகுறி. ஐந்து நாள் இருந்து பிழைத்து வந்தான்.

ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் முதலில் "மருந்து குடித்தார்" என்று எழுதியிருந்தார்கள். சேரிப் பையன், பூச்சிமருந்து என்றதும் அப்படியே எழுதிவிட்டார்கள். அது அப்படியே நின்றிருந்தால் அவன் தற்கொலைக்கு முயன்றவன் ஆகியிருப்பான். வேலை கொடுத்தவருக்கு எந்தப் பொறுப்பும் இருந்திருக்காது. டப்பாவையும் நனைந்த சட்டையையும் காட்டி, உடன் வேலை செய்த அக்காவைச் சாட்சி சொல்ல வைத்து, "கூலி வேலையில் மருந்து தெளித்தபோது" என்று மாற்றி எழுத வைத்தோம். நீங்களும் ஆளைச் சேர்த்த அன்றே அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்.