புதிய கார் வாங்குகிறீர்களா? ‘காப்புறுதி நீங்கலாக’ என்ற வரியைக் கவனியுங்கள்

பத்து காவான் – தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் பல குடும்பங்கள் முதலில் யோசிப்பது ஒரு புதிய காரைப் பற்றித்தான். விளம்பரத்தில் பார்த்த விலை ஒன்றாகவும், விற்பனையாளர் எழுதித் தரும் தொகை வேறாகவும் இருக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

மலேசியாவில் பல நிறுவனங்கள் அறிவிப்பது ‘சாலை விலை, காப்புறுதி நீங்கலாக’ என்ற தொகையை. காரின் விலை, அதற்குள் அடங்கிய கலால் வரி, 10 விழுக்காடு விற்பனை வரி, ஜேபிஜே பதிவுக் கட்டணம், சாலை வரி ஆகியவை அதிலேயே அடங்கிவிடும். தனியார் காரின் பதிவுக் கட்டணம் 150 ரிங்கிட். தீபகற்பத்தில் 1,300 சிசி காருக்கு ஆண்டுச் சாலை வரி 70 ரிங்கிட் மட்டுமே. எனவே விலைப்பட்டியலில் இவை மீண்டும் தனியாகக் கூட்டப்பட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

வெளியே நிற்கும் பெரிய தொகை காப்புறுதிதான். 50,000 ரிங்கிட் காருக்கு அடிப்படைச் சந்தா 1,600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை கார் வாங்கும் மகனுக்கு என்சிடி எனும் கோரிக்கையில்லாக் கழிவு கிடையாது. 8 விழுக்காடு சேவை வரி 128 ரிங்கிட்டும் முத்திரைக் கட்டணம் 10 ரிங்கிட்டும் சேர்ந்து 1,738 ரிங்கிட் ஆகும்.

இழப்பீடு எதுவும் கோராமல் ஐந்து ஆண்டுகள் ஓட்டிய தந்தையிடம் 55 விழுக்காடு என்சிடி இருக்கும். கார் அவர் பெயரில் இருந்து, அந்தக் கழிவை இதற்கு மாற்றினால் சந்தா 720 ரிங்கிட்டாகக் குறையும். வரியும் முத்திரையும் சேர்த்து 787 ரிங்கிட் 60 காசு. வித்தியாசம் 950 ரிங்கிட்டுக்கு மேல்.

ஆனால், என்சிடியை ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்குப் பயன்படுத்த முடியாது. பழைய காரையும் வைத்திருந்தால் அதன் காப்புறுதிக்குக் கழிவு இல்லாமல் போகும். பழைய கார் மலிவானது என்றால் அங்கே கூடும் தொகை சிறியது; அதைக் கழித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தந்தை பெயரில் வாங்கினால் வங்கிக் கடனும் அவர் பெயரில்தான். மகன் பெயரில் வாங்கினால் முதலாண்டு செலவு கூடும். ஆனால் இழப்பீடு கோராவிட்டால் அடுத்த ஆண்டே அவருக்குச் சொந்தமாக 25 விழுக்காடு என்சிடி சேரும்.

கையெழுத்திடும் முன் காப்புறுதிச் சந்தா, என்சிடி, சேவை வரி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது; அது வேண்டுமானால் தனியாகச் சேர்க்க வேண்டும். கண்ணாடிக்கு நிழல் தாள், தரை விரிப்பு போன்றவை உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லலாம்.