ஃப்ரீசருக்கு இரண்டு கணக்கு

கடைக்கு ஆறு லட்சம் ரூபாயில் குளிர்சாதனங்கள் வாங்கினால், அந்த ஆறு லட்சத்தை அந்த ஆண்டுச் செலவாக எழுதிவிட முடியாது. வாங்கிய அரிசியும் எண்ணெயும் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்துவிடும். ஃப்ரீசரோ பல ஆண்டுகள் உழைக்கும். அதனால் அதன் விலையை அந்த ஆண்டுகள் மீது பங்கிட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியைச் செலவாகக் கழிக்கிறார்கள். இதுதான் தேய்மானம். இதற்காக அந்த ஆண்டில் பெட்டியிலிருந்து பணம் எதுவும் வெளியே போவதில்லை, ஆனாலும் லாபம் குறைகிறது. எந்த ஆண்டில் எவ்வளவு குறைகிறது என்பது பங்கிடும் முறையைப் பொறுத்தது.

முறைகளில் இரண்டு பரவலானவை. நேர்கோட்டு முறையில் எல்லா ஆண்டுக்கும் ஒரே தொகை. குறைந்துசெல் மதிப்பு முறையில் ஒரே சதவீதம். அந்தச் சதவீதத்தை முதல் விலை மீது போடாமல், ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பின் மீது போடுவார்கள். அதனால் தொகை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தனியொருவர் நடத்தும் மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரலில் அவர் இரண்டு டீப் ஃப்ரீசர்களும் கண்ணாடிக் கதவு போட்ட சில கூலர்களும் வாங்குகிறார். ஜிஎஸ்டி நீங்கலாக விலை 6,00,000 ரூபாய். கட்டிய ஜிஎஸ்டியை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வதால் அது விலையில் சேராது. இரண்டு பக்கமும் சலுகை கேட்க முடியாது.

சாதனங்கள் பத்தாண்டு உழைக்கும், கடைசியில் 60,000 ரூபாய்க்குப் போகும் என்று கடைக்காரர் மதிப்பிடுகிறார். நேர்கோட்டு முறையில் மீதி 5,40,000 ரூபாயைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 54,000. குறைந்துசெல் முறையில் 15 சதவீதம் போட்டால் முதல் ஆண்டில் 90,000, இரண்டாம் ஆண்டில் 76,500, மூன்றாம் ஆண்டில் 65,025, நான்காம் ஆண்டில் 55,271. ஐந்தாம் ஆண்டில் 46,981 என்று 54,000க்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இரண்டில் எது வேண்டும் என்று கடைக்காரர் தன் கணக்குப் புத்தகத்துக்காகத் தேர்ந்தெடுக்கலாம். வருமான வரிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு வணிகர்களுக்குக் கொடுத்தது குறைந்துசெல் முறைதான். மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு மட்டும் நேர்கோட்டு முறைக்கு வழி உண்டு. விகிதத்தையும் விதிகளே சொல்லிவிடுகின்றன. ஃப்ரீசர், எடை மிஷின் போன்ற பொது இயந்திரங்களுக்கு 15 சதவீதம், அலமாரி, மேசை போன்ற மரச்சாமான்களுக்கு 10, பில் போடும் கம்ப்யூட்டருக்கு 40. "எங்கள் ஃப்ரீசர் பத்து வருஷம் ஓடும்" என்ற கடைக்காரரின் மதிப்பீட்டுக்கு இங்கே இடமில்லை.

அதனால் புத்தகத்தில் நேர்கோட்டு முறை வைத்திருப்பவர் வரிக்காக ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். நம் கடையில் 2021-22இல் தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 9,00,000 என்று வைப்போம். புத்தகத்தில் 54,000 கழித்து நிகர லாபம் 8,46,000. வரிக் கணக்கு இந்த 8,46,000இல் தொடங்கும். முதலில் புத்தகத் தேய்மானமான 54,000ஐத் திரும்பக் கூட்டி 9,00,000க்கு வர வேண்டும். பிறகு சட்டம் தரும் 90,000ஐக் கழிக்க வேண்டும். வரிக்கு உட்படும் லாபம் 8,10,000.

நடுவிலுள்ள கூட்டலை விட்டுவிட்டு நேராக 90,000ஐக் கழித்தால் 7,56,000 வரும். ஒரே ஃப்ரீசருக்கு இரண்டு முறை தேய்மானம் எடுத்ததாகிவிடும், வரியும் குறைவாகக் கட்டியதாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லாப நட்டக் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கும் தேய்மானத் தொகை, வருமானக் கணக்கீட்டுத் தாளில் 'கூட்டு' என்ற பகுதியில் அதே எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இரண்டு முறைக்கும் இடையே முதல் ஆண்டு வித்தியாசம் 36,000 ரூபாய். பழைய வரி முறையில் 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு 20 சதவீதம். அதன்படி 7,200 ரூபாய் வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 7,488 ரூபாய் அந்த ஆண்டில் குறைகிறது. இதை முழு லாபம் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் அதிகம். ஐந்தாம் ஆண்டிலிருந்து கணக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அந்த ஆண்டில் வரிக்கு உட்படும் லாபம், நேர்கோட்டு முறையில் இருந்திருக்கக்கூடியதைவிட 7,019 ரூபாய் அதிகம். ஒன்பதாம் ஆண்டு முடியும்போது, அதுவரை கழித்த மொத்தத் தொகையிலேயே நேர்கோட்டு முறை முந்திவிடுகிறது. பத்தாண்டு முடிவில் நேர்கோட்டில் 5,40,000 கழிந்திருக்கும், குறைந்துசெல் முறையில் 4,81,876தான். மிச்ச மதிப்பில் சதவீதம் போடுவதால் அது ஒருநாளும் சுழியைத் தொடாது.

ஆகவே குறைந்துசெல் முறை வரியைத் தள்ளிப்போடுகிறது. அதில் மதிப்பு இல்லாமல் இல்லை. கடன் தவணையும் சரக்குக் கொள்முதலும் ஒன்றாக நெருக்கும் முதல் மூன்று ஆண்டுகளில் கையில் நிற்கும் பணம், எட்டாம் ஆண்டில் கிடைக்கும் அதே பணத்தைவிடக் கடைக்காரருக்கு நிச்சயம் பெரிது. ஆனால் பிந்தைய ஆண்டுகளில் வியாபாரம் வளர்ந்து அவர் உயர்ந்த வரி விகிதத்துக்குப் போயிருந்தால், தள்ளிப்போட்ட வருமானம் அந்த உயர்ந்த விகிதத்தில் வந்து விழும். இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முறையைத் தேர்ந்தெடுக்க முடியாத கடைக்காரர் கையில் இன்னொன்று இருக்கிறது. அது தேதி. வாங்கிய நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சாதனத்துக்கு அந்த ஆண்டில் பாதி விகிதம்தான் கிடைக்கும். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால், அக்டோபர் 3ஆம் தேதிக்குள் ஃப்ரீசர் கடையில் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். தீபாவளி வியாபாரத்தை நினைத்து அக்டோபர் பத்தாம் தேதி அதை ஓட விட்டால் முதல் ஆண்டில் 90,000க்குப் பதில் 45,000. மீதி தொலைந்துபோகாது, மதிப்பில் தங்கி அடுத்த ஆண்டுகளில் மெல்ல வரும். இங்கே பில் தேதி செப்டம்பரில் இருப்பது மட்டும் போதாது. சாதனம் இறங்கிய நாள், மின் இணைப்புக் கொடுத்துப் பொருத்திய நாள் ஆகியவற்றுக்குச் சீட்டு வைத்துக்கொள்வது நல்லது. விலையைக் கொடுத்த விதமும் முக்கியம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை தேய்மானத்துக்கான விலையில் சேராது.

நட்டம் வந்த ஆண்டில் தேய்மானத்தை எடுக்காமல் வைத்திருந்து, நல்ல லாபம் வரும் ஆண்டில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சட்டம் அதைக் கழித்ததாகவே கொள்ளும். லாபம் போதாமல் மிஞ்சும் தேய்மானத்தை, ஆண்டு வரம்பு இல்லாமல் முன்னோக்கி எடுத்துச் செல்லலாம்.

ஊகக் கணக்குத் திட்டமான 44ஏடி பிரிவில் ரிட்டர்ன் போடும் சிறு கடைகளுக்கு இந்த முறை வித்தியாசத்தால் எதுவும் மாறாது. விற்பனையில் 8 சதவீதம், வங்கி அல்லது டிஜிட்டல் வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதம் லாபமாகக் கொள்ளப்படுகிறது. தேய்மானம் அதற்குள்ளேயே அடங்கியதாகக் கருதப்படும். ஆனால் சாதனத்தின் வரி மதிப்பு மட்டும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே இருக்கும். பின்னாளில் முறையான கணக்குக்கு மாறும்போது அந்தக் குறைந்த மதிப்பில்தான் தொடங்க வேண்டும்.

இனி விற்பனைக்கு வருவோம். புத்தகமும் வரிக் கணக்கும் மிகவும் விலகிப்போவது இங்கேதான். 2025 ஏப்ரலில் நம் கடைக்காரர், ஒரு லட்சத்துக்கு வாங்கிய ஒரு கூலரை 50,000க்கு விற்கிறார். புத்தகத்தில் நான்கு ஆண்டுத் தேய்மானம் 36,000 போக அதன் மதிப்பு 64,000. ஆகவே 14,000 ரூபாய் நட்டம் எழுதுகிறார். வரிக் கணக்கில் அந்த நட்டம் செல்லாது, அதையும் திரும்பக் கூட்ட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அந்தக் கூலர் தனிச் சொத்தாகவே இல்லை. ஒரே வகையில் ஒரே விகிதம் உள்ளவை எல்லாம் சேர்ந்து ஒரு சொத்துத் தொகுதி. அந்த நேரத்தில் தொகுதியின் மதிப்பு 3,13,204. அதிலிருந்து விற்ற 50,000ஐக் கழித்து, மீதி 2,63,204க்கு 15 சதவீதம், அதாவது 39,481 ரூபாய் அந்த ஆண்டுத் தேய்மானம். கூலர் போய்விட்டது, அதன் விலையில் மீளாத சிறு பகுதி மட்டும் தொகுதிக்குள் தங்கி ஆண்டுதோறும் கரையும். இந்தத் தொகுதி ஏற்பாடு 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனியேடு வைக்கும் பாரத்தை இது வரிக் கணக்கிலிருந்து நீக்கியது, எனக்கு இதில் குறை தெரியவில்லை.

குறை தெரிவது கடையை மூடும்போது. அதே 2025-26இல் ஒரு கூலரை மட்டும் விற்காமல், எல்லாக் குளிர்சாதனங்களையும் ஒன்றாக 2,00,000க்குத் தள்ளிவிட்டதாக வைப்போம். 15 சதவீதத் தொகுதியில் வேறெதுவும் இல்லை. தொகுதி காலியாகிவிட்டதால் அந்த ஆண்டில் தேய்மானம் கிடையாது. மிஞ்சிய 1,13,204 ரூபாய் குறுகிய கால மூலதன நட்டமாகிறது. மூலதன நட்டத்தை மூலதன ஆதாயத்தில்தான் கழிக்க முடியும், எட்டு ஆண்டு வரை முன்னோக்கி எடுத்துச் செல்லலாம். கடையை மூடிய ஆண்டில் ஈட்டிய வியாபார லாபத்தில் அதைக் கழிக்க வழியில்லை. நிலமோ பங்கோ விற்கும் நிலை இல்லாத ஒரு மளிகைக்காரருக்கு அந்த 1,13,204 காகிதத்திலேயே நின்றுவிடும். மாறாக 3,50,000க்கு விற்றிருந்தால் மிகுதியான 36,796 ரூபாய் குறுகிய கால மூலதன ஆதாயமாகி, அவருடைய வழக்கமான வரி விகிதத்தில் வரி வரும்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு வியாபாரத்தை மட்டும் தொடர்பவருடைய நிலை வேறாக இருக்கலாம். சரக்கு கொண்டுபோகும் சொந்த வண்டியோ எடை மிஷினோ அதே 15 சதவீதத் தொகுதியில் இருந்து, மார்ச் 31 அன்றும் வியாபாரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் தொகுதி காலியானதாகாது. மிச்ச மதிப்பின் மீது தேய்மானம் தொடரும், வியாபார லாபத்திலேயே கழியும். ஆகவே ஃப்ரீசர்களை விலை பேசும் முன், அந்தத் தொகுதியில் வேறு என்ன இருக்கிறது என்று சொத்துப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும்.