அச்சுப் பாடமும் ஐந்து பழைய வினாத்தாள்களும்: தொலைதூரக் கல்வித் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

திருமணத்திற்குப் பிறகு படிப்பைத் தொடரும் நம் சகோதரிகளும், கடையைக் கவனித்துக்கொண்டே பட்டம் பெற நினைக்கும் இளைஞர்களும் பெரும்பாலும் தொலைதூரக் கல்வியையே தேர்ந்தெடுக்கின்றனர். பலருக்கு வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கையில் இருப்பது தபாலில் வந்த பாடப் புத்தகங்களும், முன்பு எழுதிய யாரோ கொடுத்த சில வினாத்தாள்களும்தான். இவற்றை மட்டும் வைத்து எப்படித் தயாராவது என்பதை, நமக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் அனுபவத்தைக் கொண்டு பார்ப்போம்.

அவர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், அரசியல் அறிவியல் முதுகலை படிப்பவர். 'அரசியல் கோட்பாடு' என்ற தாளில் ஒருமுறை தோல்வியடைந்தார். படிக்காமல் தோற்கவில்லை. அந்தத் தாளில் இரண்டு பிரிவுகள் உண்டு. மொத்தம் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் குறைந்தது இரண்டு எழுத வேண்டும். அவரோ நன்கு தெரிந்த முதல் பிரிவிலிருந்தே நான்கை எழுதிவிட்டார். தலைப்பில் இருந்த அந்த ஒரு வரியைப் பழைய தாள்களில் அவர் படித்ததே இல்லை. கேள்விகளை மட்டுமே பார்த்திருந்தார்.

ஒப்படைப்பில் நல்ல மதிப்பெண் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்டார். காப்பாற்றாது. ஒப்படைப்புக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்று கணக்கிட்டாலும், முதுகலையில் இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் பெற்றாக வேண்டும்.

அடுத்த தேர்வுக்கு ஆறு வாரங்கள் இருந்தன. முதலில் கையில் இருந்த வினாத்தாள்களைச் சரிபார்த்தோம். ஒவ்வொரு தாளின் மேலும் பாடக் குறியீடு, நேரம், மொத்த மதிப்பெண், எழுத வேண்டிய கேள்விகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். குறியீடு புத்தகத்தின் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய குறியீட்டுத் தாள்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை பயன்படாது. புத்தகத்தில் எங்கும் காணாத தலைப்பில் இரண்டு மூன்று கேள்விகள் வந்திருந்தால், அது வேறு பாடத்திட்டத்தின் தாள் என்று சந்தேகிக்கலாம்.

சரியான தாள்கள் ஐந்து கிடைத்தன. அவற்றில் மிகப் புதியதைக் கேள்விகளைப் பார்க்காமல் ஒரு உறையில் போட்டு ஒட்டிவைத்தோம். அதன் காரணம் பிறகு புரியும்.

மீதி நான்கு தாள்களின் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அதன் விடை எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று பாட எண்ணை எழுதினோம். பிறகு ஒரு தாளில் பாட எண்களை வரிசையாக எழுதி, கேள்வி வந்த இடங்களில் கோடு போட்டோம். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று தனித்தனி பட்டியல். ஒரே கேள்வி அப்படியே திரும்ப வருவது குறைவு. ஆனால் ஒரே பாடத்திலிருந்து வெவ்வேறு கோணத்தில் கேட்பது அதிகம். அதனால்தான் கேள்வியை எண்ணாமல் பாடத்தை எண்ண வேண்டும்.

அதிகக் கோடுகள் விழுந்த பத்துப் பாடங்களை ஆழமாகப் படிக்கலாம் என்று தேர்ந்தெடுத்தார். அது போதுமா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் உறை. அவருடைய பட்டியலை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து, உறையைத் திறந்து, இந்தப் பத்தை மட்டும் படித்தவரால் எத்தனை கேள்விகள் எழுத முடியும் என்று எண்ணச் சொன்னோம். முதல் பிரிவில் மூன்று, இரண்டாம் பிரிவில் ஒன்றே ஒன்று! பத்தோடு நிறுத்தியிருந்தால் மீண்டும் அதே குழியில்தான் விழுந்திருப்பார். இரண்டாம் பிரிவிலிருந்து அடுத்து அதிகம் வந்த நான்கு பாடங்களைச் சேர்த்து பதினான்காக்கினார். மற்றப் பாடங்களுக்கு இறுதியில் உள்ள தொகுப்புரையை மட்டும் படிப்பது என்று முடிவானது. சிறுகுறிப்பு கேட்டால் அது ஓரளவு கைகொடுக்கும்.

பழைய தாள் எதிர்காலத்தைச் சொல்லிவிடாது என்பதையும் மறக்கக்கூடாது. ஐந்து கேள்விகள் எழுத ஐந்தே பாடங்களைப் படித்துவிட்டுப் போவது சூதாட்டம் போன்றது.

இனி ஒரு பாடத்தைப் படிக்கும் முறை. அச்சுப் பாடத்தின் தொடக்கத்தில் 'நோக்கங்கள்' என்ற பகுதி இருக்கும். 'விளக்குதல்', 'வேறுபடுத்துதல்', 'மதிப்பிடுதல்' என்று அதில் வரும் வரிகளைப் பழைய கேள்விகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பல இடங்களில் ஒரே சாயல் தெரியும். ஆகவே ஒவ்வொரு நோக்கத்தையும் கேள்வியாக மாற்றி எழுதிக்கொண்டு, அதற்கு விடை தேடியே பாடத்தைப் படிக்க வேண்டும்.

உதாரணத்திற்கு, சுதந்திரம் பற்றிய பாடம். இதைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே பக்கத்தில் அவர் எழுதியது இவ்வளவுதான்: சுதந்திரம் என்றால் என்ன, பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரைத் தடுக்கக்கூடாது என்ற ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கருத்து, தடையின்மையே சுதந்திரம் என்பதற்கும் தன்னைத் தானே ஆளும் நிலையே சுதந்திரம் என்பதற்கும் இசையா பெர்லின் காட்டிய வேறுபாடு, அந்தப் பிரிவினை மீதான விமர்சனம், முடிவு. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்தார். அடுத்தமுறை படிக்கும்போது சிவப்பைத்தான் முதலில் பார்த்தார்.

பாடத்தின் நடுவே வரும் 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதியுங்கள்' கேள்விகளைப் பலர் தாண்டிப் போகின்றனர். விடைக் குறிப்புகள் பின்னால் தரப்பட்டிருக்கும். ஆசிரியர் இல்லாத நமக்கு விடை சரியா தவறா என்று சொல்லும் ஒரே இடம் அதுதான். குறிப்பைப் பார்க்காமல் எழுதிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக நேரம். மூன்று மணி நேரத்தில் ஐந்து விடைகள், ஒவ்வொன்றும் சுமார் 500 சொற்கள். கேள்வியைப் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் பத்து நிமிடம் ஒதுக்கினால், ஒரு விடைக்கு 34 நிமிடம்தான். நம் சகோதரி கடிகாரம் வைத்து எழுதியபோது முதல் விடைக்கே 55 நிமிடம் ஆனது. அப்படியே போயிருந்தால் மூன்று விடைகளோடு மணி அடித்திருக்கும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்ததால் சொல் தேடுவதிலேயே நேரம் போனது. எனவே ஒவ்வொரு பாடத்திற்கும் பத்து முக்கியச் சொற்களை எழுத்துப் பிழையின்றி மனப்பாடம் செய்தார். ஃபஜ்ருக்குப் பிறகு, வீடு விழிப்பதற்குள், தினமும் ஒரு விடை. நான்காவது வாரத்தில் 36 நிமிடத்திற்கு வந்துவிட்டார்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, உறையில் இருந்த அந்தத் தாளை ஒரே அமர்வில் மூன்று மணி நேரம் எழுதினார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. பேனாவை எடுப்பதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, தலைப்பில் உள்ள அறிவுரையை அடிக்கோடிட்டு, 'அங்கே மூன்று, இங்கே இரண்டு' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டதுதான். தேர்வு அறையிலும் அதையே செய்தார். இம்முறை ஐந்து விடைகளையும் எழுதி முடித்துத்தான் எழுந்தார், அல்ஹம்துலில்லாஹ்.