நான் லேட்டாக வேலை செய்யப் பயன்படுகிறேன்!

வோல்ட்மீட்டர் எதுக்குன்னு கேட்டா, முதல் செமஸ்டர்ல இருந்தே நம்ம எல்லாருக்கும் ஒரு வரி மனப்பாடம். லேப் ரெக்கார்டுல எத்தனை தடவை எழுதியிருப்போம்னு கணக்கே இல்லை.

```
A voltmeter is used to measure voltage.
```

இந்த வரி நூத்துக்கு நூறு சரி. ஆனா பிளேஸ்மென்ட் சமயத்துல நம்மை மாட்டிவிடுறதும் இதே வரிதான். "நைட் ஷிப்ட் ஓகேவா?"ன்னு பேனல்ல கேட்டா, நம்ம பசங்க பாதிப் பேர் தைரியமா இப்படிச் சொல்லுவாங்க:

```
I am used to work late.
```

ரெண்டு வரியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அச்சு அசல் ஒரே வார்ப்பு. வோல்ட்மீட்டர் இருந்த இடத்துல நீங்க, அளக்குற வேலை இருந்த இடத்துல லேட்டா வேலை செய்யறது. அப்போ அர்த்தமும் அதே மாதிரிதானே வரும்? "லேட்டாக வேலை செய்ய நான் பயன்படுத்தப்படுகிறேன்." ஒரு கருவியைப் பத்திச் சொல்ற மாதிரி. நீங்க சொல்ல நினைச்சதோ, "லேட்டா வேலை செஞ்சு எனக்குப் பழக்கமுங்க"ங்கறது.

கேட்கறவங்களுக்குப் பெரும்பாலும் புரிஞ்சிடும், அது வேற விஷயம். ஆனா எழுத்துல, ரெஸ்யூமேல, மெயில்ல இது பளிச்னு தெரியும். அதனால இது எங்க உடையுதுன்னு பார்த்துடலாம்.

சிக்கல் யூஸ்டுங்கற சொல்லுல இல்லை, அதுக்குப் பின்னாடி வர்ற குட்டி "டு"வுல இருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டு டு உண்டு. ஒண்ணு வினைச்சொல்லுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வர்றது: டு மெஷர், டு ஒர்க். நம்ம "அளக்க", "செய்ய" மாதிரி. இன்னொண்ணு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்றது: டு கோயம்புத்தூர், டு மை ரூம். இது நம்ம "க்கு" வேற்றுமை. கோயம்புத்தூருக்கு, ரூமுக்கு.

வோல்ட்மீட்டர் வரியில இருக்கறது முதல் டு. பழக்கத்தைச் சொல்ற "ஆம் யூஸ்டு டு"ல இருக்கறது ரெண்டாவது டு, அதாவது "க்கு". தமிழ்லயே சொல்லிப் பாருங்க: குளிருக்குப் பழகிட்டேன், ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பழகிட்டேன். அந்தக் "க்கு" பெயர்ச்சொல்லைத்தான் கேட்கும். "செய்ய"வோட போய் "க்கு" ஒட்டுமா? ஒட்டாது. "செய்யறது"ன்னு அதைப் பெயரா மாத்தினாத்தான் "செய்யறதுக்கு"ன்னு சொல்ல முடியும். இங்கிலீஷ்லயும் அதே கதைதான். ஒர்க்ங்கற வினையைப் பெயரா மாத்த இங் போட்டாகணும்.

```
I am used to working late.
```

இப்போ ஒரு நியாயமான சந்தேகம் வரும். "லேட்டா வேலை செய்யப் பழகிட்டேன்"னும் தமிழ்ல சொல்றோமே, அது தப்பான்னு. தப்பே இல்லை. தமிழ்ல "பழகு" ரொம்பத் தாராளமான சொல். "ஸ்கூட்டர் ஓட்டப் பழகறேன்"னா கத்துக்கறேன்னு அர்த்தம். "வெயிலுக்குப் பழகிட்டேன்"னா சகிச்சுக்கிட்டேன்னு அர்த்தம். "அவரு நல்லாப் பழகுவாரு"ன்னா அது மூணாவது அர்த்தம். இந்த "செய்யப் பழகிட்டேன்"தான் மனசுக்குள்ள ஓடி, வாயில "டு ஒர்க்"கா வெளிய வருது. ஸ்கூட்டர் கத்துக்கறதுக்கு இங்கிலீஷ்ல லேர்னிங்னு தனிச் சொல் இருக்கறதால, அங்க யூஸ்டு பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு சின்ன டெஸ்ட். டு-வுக்குப் பின்னாடி இருக்கறதை எல்லாம் தூக்கிட்டு "இட்"டுன்னு வச்சுப் பாருங்க. "ஐ ஆம் யூஸ்டு டு இட்", அதுக்குப் பழகிட்டேன், நிக்குது. அப்போ இது "க்கு" வகை. வினை வந்தா இங் வேணும். "வோல்ட்மீட்டர் இஸ் யூஸ்டு டு இட்"டுன்னா? வோல்ட்மீட்டருக்குப் பழகிப்போச்சுன்னு சிரிப்பா வருது, நம்ம சொல்ல வந்தது அதில்லை. அங்க இங் வேண்டாம். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இங் போடணும்னு கத்துக்கிட்ட உற்சாகத்துல லேப் ரெக்கார்டுலயும் போய் "யூஸ்டு டு மெஷரிங்"னு எழுதறவங்க இருக்காங்க. மீட்டருக்கு அளந்து அளந்து பழகிப்போச்சுன்னு அர்த்தமாயிடும். இங் போட்டே ஆகணும்னா அங்க "யூஸ்டு ஃபார் மெஷரிங்"னு போடுங்க.

காதும் உதவி பண்ணும். கருவி வரியில வர்ற யூஸ்டுல நடு ஒலி தேனீ ரீங்கரிக்கற மாதிரி அதிரும். முடிவுல மெல்லிய "ட்". பழக்கத்தைச் சொல்லும்போது அந்த அதிர்வு போயிடும். பாம்பு சீறுற மாதிரி வெறும் "ஸ்", அடுத்து "ட்டு". ரெண்டு சொல்லும் ஒட்டி "யூஸ்ட்டு"ன்னு ஒரே சொல்லாக் கேட்கும். தொண்டையில விரலை வச்சுச் சொல்லிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். தமிழ் எழுத்துல ரெண்டும் ஒரே "ஸ்" ஆகிடறதால நம்ம கண்ணுக்கு இது தெரியறதில்லை.

இதுல இன்னொரு குழப்பி இருக்கு. ஒர்க், டிராவல் மாதிரிச் சொற்கள் வினையாவும் வரும், பெயராவும் வரும். "ஐ ஆம் யூஸ்டு டு ஹார்ட் ஒர்க்" முழுசாச் சரி, ஏன்னா அங்க ஒர்க் பெயர். கடின உழைப்புக்குப் பழகினவன். ஆனா பின்னாடி "லேட்"டுன்னு ஒட்டினதும் ஒர்க் வினையாயிடுது. எப்படி வேலை செய்யறதுங்கறதைத்தான் அந்த லேட் சொல்லுது. இப்படிச் சரியான வரியும் தப்பான வரியும் ஒரே மாதிரி காதுல விழுறதாலதான் தப்பு பிடிபடாமலே ஓடுது.

சரி, ஆம் இல்லாம வெறும் யூஸ்டு டு வந்தா? அது தனிக் கதை. அங்க இருக்கறது முதல் டு-தான், அதனால இங் கிடையாது. அர்த்தம்: முன்னாடி செய்வேன், இப்போ இல்லை. இங்க நம்மை மாட்டிவிடறது "வேன்". "அஞ்சாவது படிக்கும்போது வாய்க்கால்ல நீந்துவேன்"னும் சொல்றோம், "தினமும் ஏழு மணிக்கு டீ குடிப்பேன்"னும் சொல்றோம். பழைய வழக்கம், இன்னைக்கு வழக்கம் ரெண்டுக்கும் தமிழ்ல அதே "வேன்", "பேன்"தான். அதை அப்படியே யூஸ்டு டு ஆக்கினா, இன்னைக்குக் குடிக்கற டீயையும் நிறுத்திட்ட மாதிரி ஆகிடும். இன்னைக்கு வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்.

(சில நூற்றாண்டுகளுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்களே நிகழ்கால வழக்கத்துக்கும் "யூஸ் டு" சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. அது வழக்கொழிஞ்சு போய் இறந்தகாலம் மட்டும் மிஞ்சிருச்சு. இதை இன்டர்வியூல வாதாட வேண்டாம்.)

இப்போ நம்ம ஜூனியர் ஒருத்தர் எழுதின அறிமுகப் பத்தியைப் பார்ப்போம். ஊர் சோமனூர் பக்கம், வீட்டுக்கு ரெண்டு பக்கமும் விசைத்தறி. சென்னையில வேலை தேடறார். அவரோட அனுமதியோட நாலு வரி:

```
I am used to loom noise.
I am used to study in that noise.
I used to play kabaddi every evening.
I will used to Chennai water soon.
```

முதல் வரியில கை வைக்கவே வேண்டாம். தறிச் சத்தம் பெயர், சத்தத்துக்குப் பழகினவர். ரெண்டாவது வரியில ஸ்டடி வினை, அதனால ஸ்டடியிங் ஆகணும். மூணாவது வரி இலக்கணப்படி சரி. ஆனா அர்த்தம் சரியான்னு அவர்கிட்டயே கேட்டேன்.

"தம்பி, கபடி எப்போ விட்டீங்க?"

"விடலீங்ணா. நேத்துக் கூட ஆடினனுங்க."

அப்போ யூஸ்டு டு வரக் கூடாது. ரெஸ்யூமேல ஹாபின்னு எழுதிட்டு வாயால "யூஸ்டு டு ப்ளே"ன்னு சொன்னா, பேனல்ல இருக்கறவர் அடுத்து கேட்கப்போறது "ஏன் விட்டுட்டீங்க?"ங்கறதுதான். கேள்வி நியாயமானது, நம்ம ஆள்தான் முழிப்பார்.

நாலாவது வரியில அவர் தேடினது "பழகிக்குவேன்"ங்கறதை. சிறுவாணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களுக்கு வேற ஊர்த் தண்ணி முதல்ல இறங்காது, தெரிஞ்சதுதானே. ஆனா பழகியாச்சுங்கற நிலை வேற, பழகிட்டு இருக்கோம்ங்கற மாற்றம் வேற. நிலைக்கு ஆம், இஸ், ஆர். மாற்றத்துக்கு கெட். டு ரெண்டுலயும் அதே "க்கு" டு-தான், அதனால வினை வந்தா இங். காலம் மாறினா கெட் மட்டும்தான் மாறும், யூஸ்டு அசையாது: போன மாசம் காட், இப்போ கெட்டிங், இனிமே வில் கெட். "ஐ யூஸ்டு டு இட்"டுன்னு ஆம்-மும் கெட்டும் இல்லாம விட்டுடறதுதான் இங்க நடக்கற வழக்கமான தப்பு.

திருத்தின பத்தி:

```
I am used to loom noise.
I am used to studying in that noise.
I play kabaddi every evening.
I will get used to Chennai water soon.
```

எதிர்மறையில ஒரு ஸ்பெல்லிங் விஷயம். "முன்னாடி காபி குடிக்க மாட்டேன்"னு சொல்லணும்னா டிட்-நாட் வருது. இறந்தகாலத்தை அது சுமந்துடறதால, யூஸ்டுல கடைசி டி போயிடும். கேட்கும்போது ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், எழுதும்போதுதான் தெரியும். டி-யோட எழுதறவங்க வெளிநாட்டுலயும் உண்டு, ஆனா ஆப்டிட்யூட் தேர்வுல டி இல்லாததுதான் பாதுகாப்பு.

```
I didn't use to drink coffee.
I am not used to drinking coffee.
```

ரெண்டாவது வரியில டிட் இல்லை, ஆம்-தான் இருக்கு; அதனால டி அப்படியே இருக்கும், ட்ரிங்க்கும் ட்ரிங்கிங் ஆகும். முதல் வரியைச் சொல்றவர் இப்போ காபி குடிக்கறார். ரெண்டாவது வரியைச் சொல்றவருக்கு டம்ளரை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்குங்க.