மூக்கில் விடும் ஒரு சொட்டு

மணைப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார் பெரியம்மா. கணுக்கால்களுக்கும் முழங்காலுக்கும் நடுவே விழும் பள்ளத்தில், 20 நாள் பிள்ளை மல்லாந்து கிடந்தது. தொப்புள்கொடி விழுந்து காய்ந்த பிறகு முதல்முறையாகத் தண்ணீர் ஊற்றுகிற நாள். அதுவரை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து தோளுக்கும் தொடையிலிருந்து பாதத்துக்கும் மெல்ல நீவினார். விளக்கெண்ணெய் வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். அதன் பிசுக்குப் போகக் கடலை மாவைப் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். அந்தத் தேய்ப்பில் பிஞ்சுத் தோல் சிவந்துவிடும்.

அடுத்து மூக்குக்கு எண்ணெயை எடுத்தார். "ஒரு சொட்டு விட்டு ஊதினாத்தான் சளி வரும்." இங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன்.

தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமும். எண்ணெய் அப்படி உறுத்தாது. இருமலைக் கிளப்பாமலே மூச்சுக்குழாயில் வழுக்கி இறங்கிவிடும். நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. எண்ணெய் அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். மருத்துவர்கள் இதை எண்ணெய் நிமோனியா என்பார்கள். வாயால் ஊதுவதில் பெரியவர்களின் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும். காதிலும் தொப்புளிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம்.

பிள்ளையின் மூக்கில் கேட்கும் 'கர்கர்' என்ற சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் சளி நோயல்ல, மூக்குத் துவாரம் சிறியது என்பதுதான். பால் குடிக்க முடியாத அளவுக்கு அடைத்தால், மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும். பயப்பட வேண்டியது வேறு. தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டாலோ, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனை.

குளியலில் மாற்ற வேண்டியது குறைவு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் விளாவ வேண்டும். முழங்கையை நனைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. உயரத்திலிருந்து சொம்பைக் கவிழ்ப்பது கூடாது. எண்ணெய் பூசிய பிள்ளை வழுக்கும் என்பதால் ஒரு கை கழுத்தடியை விடவே கூடாது. தலைக்கு ஊற்றும்போது பின்பக்கம் வழியும்படி ஊற்றினால் முகத்தில் தண்ணீர் பாயாது. மார்புக் காம்பு வீங்கியிருந்தால் அது தாயின் ஹார்மோன், தானே வடியும். பிதுக்கினால் சீழ் வைக்கலாம்.

ஐந்து நிமிடத்தில் முடித்து, மடியிலேயே துவட்டி, தலைக்குத் துணி சுற்றினோம். ஈரத்தோடு இருக்கிற பிள்ளை வெகு சீக்கிரம் சூட்டை இழக்கும்; அதனால்தான் மின்விசிறியை முன்பே அணைத்திருந்தோம். சாம்பிராணிக் கரண்டியை மட்டும் பெரியம்மா விடவில்லை. கடைசியில் அதைக் கூடத்துச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, பிள்ளை இருந்த அறைக் கதவைச் சாத்தினார்.