பறக்காத விமானத்தின் பணம் எங்கே நிற்கிறது?

2023ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, அக்டோபர் 12ஆம் தேதி விடியற்காலையில், மைஏர்லைன் என்ற மலேசிய மலிவுக் கட்டண விமான நிறுவனம் தன் சேவை அனைத்தையும் உடனடியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில்தான் அதன் முதல் விமானம் பறந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை. பெட்டியோடு சிப்பாங் விமான நிலையத்துக்கு வந்த பலர் அங்கே வந்த பிறகுதான் செய்தியைக் கேட்டார்கள். முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர் என்றும், அவர்களுடைய பணம் சுமார் 2 கோடி ரிங்கிட் என்றும் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் பிறகு தெரிவித்தார்.

அந்தப் பணம் எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்விடவில்லை. ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைக்குப் பணம் கட்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு முழுத் தொகையும் திரும்பி வரலாம், இன்னொருவர் கையில் ஒன்றுமே வராமல் போகலாம். இருவரும் பணம் கட்டிய வழிதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

பத்துமலையில் வசிக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தீபாவளி நவம்பர் 12. மறுநாள் லங்காவிக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். நான்கு பேருக்கும் போகவர 640 ரிங்கிட். செப்டம்பர் மாதமே கட்டியாகிவிட்டது. அக்டோபர் 12 அன்று அந்த 640 ரிங்கிட் எங்கே இருக்கிறது?

விமான நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது அங்கேயும் இருக்காது. நவம்பர் பயணத்துக்கு வந்த பணத்தில்தான் அக்டோபர் மாத எரிபொருளும் விமான வாடகையும் சம்பளமும் கட்டப்படுகின்றன. அடுத்த மாதக் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் இந்த வாரக் கல்யாணத்துக்கு அரிசி வாங்கும் சமையல் ஒப்பந்தக்காரரைப் போலத்தான். டிக்கெட் தொடர்ந்து விற்கும்வரை சக்கரம் சுழலும். விற்பனை சரிந்தாலோ, புதிய முதலீடு வரும் என்று நம்பி அது வராமல் போனாலோ, ஒரே நாளில் நின்றுவிடும். கடுமையான நிதி நெருக்கடியைத்தான் மைஏர்லைனும் காரணமாகச் சொன்னது.

நிறுவனத்திடம் பணம் இல்லையென்றால், கார்டில் கட்டியவருக்கு மட்டும் யார் திருப்பிக் கொடுப்பது? கார்டில் பணம் கட்டும்போது அது நேராக விமான நிறுவனத்துக்குப் போவதில்லை. நடுவில் மூன்று கைகள் இருக்கின்றன. உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒன்று. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டண வலையமைப்பு இரண்டாவது. விமான நிறுவனத்துக்காகக் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் வங்கி மூன்றாவது. இந்த மூன்றாவது ஆளைப் பயணிகள் ஒருநாளும் பார்ப்பதில்லை. ஆனால் பாரம் முழுவதும் அதன் தோளில்தான் இருக்கிறது. காசு வாங்கிய வணிகர் சேவையைத் தராவிட்டால், கட்டியவருக்குப் பணத்தைத் திருப்புவது வசூல் வங்கியின் பொறுப்பு என்பது கட்டண வலையமைப்பின் விதி. வணிகரிடமிருந்து அதை மீட்க முடிந்தால் மீட்டுக்கொள்ளும். முடியாவிட்டால் நஷ்டம் அந்த வங்கிக்கு. இப்படிப் பணத்தைப் பின்னோக்கி இழுக்கும் முறைக்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர்.

இந்த ஏற்பாட்டை நான் வியக்கிறேன். கடையில் ரொட்டி விற்பவருக்குக் கார்டு வசதி கொடுப்பதில் வங்கிக்கு அபாயம் அதிகமில்லை, ரொட்டி அப்போதே கைமாறிவிடுகிறது. விமான டிக்கெட் அப்படியல்ல. ஆறு மாதம் கழித்துத் தரப்போகும் சேவைக்கு இன்றே பணம் வாங்கப்படுகிறது. அந்த ஆறு மாதமும் வசூல் வங்கிதான் மறைமுகமாக ஜாமீன் நிற்கிறது. அதனால்தான் ஒரு விமான நிறுவனம் தள்ளாடுவதாகத் தெரிந்தால், கார்டு விற்பனைப் பணத்தின் ஒரு பகுதியை அந்த வங்கி தன்னிடமே நிறுத்திவைத்துக்கொள்ளும். அப்படி நிறுத்துவதே நிறுவனத்தைக் கவிழ்த்துவிடவும் கூடும். அமெரிக்காவின் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் 2008 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. அதன் கார்டுப் பணத்தை வசூலித்துவந்த ஃபர்ஸ்ட் டேட்டா நிறுவனம், அந்தப் பணத்தை நிறுத்திவைக்கப்போவதாகச் சொன்னதுதான் அதற்கு உடனடிக் காரணம். பயணியைக் காக்கும் அதே பூட்டு விமான நிறுவனத்தின் கழுத்தையும் நெரிக்கிறது.

பத்துமலைக் குடும்பம் கார்டில் கட்டியிருந்தால், போக வேண்டிய இடம் விமான நிறுவனம் அல்ல, கார்டு கொடுத்த வங்கி. அங்கே சர்ச்சைப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். முன்பதிவு உறுதிக் கடிதம், 640 ரிங்கிட் பிடிக்கப்பட்டதைக் காட்டும் கார்டுக் கணக்கறிக்கை, சேவை நிறுத்தப்பட்டதாக நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு, பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் பரவாயில்லை. கேட்டோம் என்பதற்கு அது சான்று. மூடும் நிறுவனத்தின் இணையதளம் எந்த நேரத்திலும் மறைந்துபோகலாம், அதனால் அறிவிப்பை அன்றைக்கே படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

கெடு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சேவை கிடைக்கவேண்டிய நாளிலிருந்து 120 நாள் என்பது பொதுவான கணக்கு. நவம்பர் 13 பயணத்துக்கு அது 2024 மார்ச் 12 வரை வரும். ஆனால் சேவை கிடைக்காது என்று கார்டுக்காரருக்குத் தெரிந்த நாளிலிருந்தும் எண்ணலாம். அக்டோபர் 12லிருந்து எண்ணினால் 2024 பிப்ரவரி 9லேயே முடிந்துவிடுகிறது. இரண்டில் முந்தியதையே கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். “விரைவில் மீண்டும் பறப்போம்” என்று நிறுவனம் சொல்வதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்தக் கெடுவைத்தான் இழக்கிறார்கள்.

இனி கார்டு அல்லாத வழிகள். வங்கிக் கணக்கிலிருந்து நேராக இணையவழியில் மாற்றியிருந்தால், அந்தப் பணத்துக்குச் சார்ஜ்பேக் விதி எதுவும் கிடையாது. கணக்கிலிருந்து போனது போனதுதான். கார்டிலிருந்து மின்பணப்பைக்குப் பணம் ஏற்றி, பின்னர் பணப்பையிலிருந்து டிக்கெட் வாங்கியவர் நிலையும் கடினமே. கார்டைப் பொறுத்தவரை வாங்கிய சேவை பணப்பையில் பணம் ஏற்றியது மட்டும்தான், அது ஒழுங்காக நடந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் பயண முகவரிடமோ இணைய முகவரிடமோ கார்டில் வாங்கியிருந்தால், முதலில் கணக்கறிக்கையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முகவர் பெயர் இருந்தால் சர்ச்சையும் அவர் மீதுதான். டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது என்று அவர் வாதிட இடமிருக்கிறது.

கார்டு இருந்தாலும் எல்லாச் செலவும் வந்துவிடாது. போகும் பயணத்தை முடித்து, திரும்பும் பயணம் மட்டும் நின்றிருந்தால் அந்தப் பாதிப் பணத்தையே கேட்க முடியும். மைஏர்லைன் மூடியதும் ஏர்ஏசியா பாதிக்கப்பட்டவர்களுக்குச் சலுகைக் கட்டணம் அறிவித்தது. அப்படி வேறு விமானத்தில் புதிதாக டிக்கெட் வாங்கிய செலவு சார்ஜ்பேக்கில் வராது. லங்காவி விடுதிக்குக் கட்டிய முன்பணமும் வராது. அந்த இழப்புகளுக்குக் காப்புறுதியைத்தான் நாட வேண்டும்.

பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பயண ரத்துக்கான பிரிவில் நோய், விபத்து, குடும்பத்தில் மரணம், இயற்கைப் பேரிடர் என்று காரணங்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். விமான நிறுவனம் மூடுவது அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இழப்பீடு இல்லை. சில பத்திரங்களில் ‘பயண முகவர் நொடித்துப்போதல்’ என்று இருக்கும். விமான நிறுவனம் முகவர் அல்ல, அதனால் அந்த வரி உதவாது. விமான நிறுவனம் என்றே எழுதியிருந்தாலும் ‘நொடிப்பு’ என்பதற்கு என்ன விளக்கம் என்று பாருங்கள். நீதிமன்றத்தில் திவால் நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும் என்று பத்திரம் எதிர்பார்க்கலாம். சேவையைத் ‘தற்காலிகமாக நிறுத்தும்’ ஒரு நிறுவனம் சட்டப்படி இன்னும் உயிரோடுதான் இருக்கும். விமானம் பறக்காது, ஆனால் நொடிப்பும் அறிவிக்கப்பட்டிருக்காது. அந்த இடைவெளியில் காப்புறுதிக் கோரிக்கை தொங்கிப்போகலாம். சார்ஜ்பேக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிறுவனம் திவாலா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. பணம் கட்டினேன், சேவை வரவில்லை என்றால் போதும்.

இன்னொன்று, நெருக்கடி பற்றிய செய்தி வெளியான பிறகு எடுக்கும் காப்புறுதி அந்த நெருக்கடிக்கு உதவாது. தெரிந்த ஆபத்தைக் காப்புறுதி ஏற்பதில்லை. டிக்கெட் வாங்கிய அன்றே எடுப்பதுதான் பயன். ஒரே 640 ரிங்கிட்டை வங்கியிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் இரண்டு முறை கேட்கவும் முடியாது. டிக்கெட் பணத்தை வங்கியிடமும், விடுதி இழப்பைக் காப்புறுதியிடமும் கேளுங்கள்.

அரசு எங்கே என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் மலேசியாவில் நடப்பில் இருக்கின்றன. அவற்றின்படி பணத்தைத் திருப்பும் கடமை விமான நிறுவனத்துக்கு உண்டு. விமானப் போக்குவரத்து ஆணையம் நவம்பர் 1ஆம் தேதி மைஏர்லைனின் உரிமத்தை நிறுத்திவைத்தது. பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ஆனால் உரிமம் பறிபோவதால் பயணியின் பணம் வருவதில்லை. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தாலும், கல்லாப்பெட்டி காலியாக இருக்கும் நிறுவனத்திடமிருந்து அதை வசூலிப்பது வேறு போராட்டம். நிறுவனம் கலைக்கப்பட்டால் ஈடு பெற்றுக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்குப் பிறகே பயணிகள் வரிசையில் நிற்க வேண்டும். இந்தியாவில் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. திவால் நடவடிக்கை தொடங்கியதும் அதன்மீதான கோரிக்கைகளுக்குச் சட்டத் தடை வந்தது.

வங்கி உங்கள் சர்ச்சையை நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் வங்கியிடமே எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். 2025 ஜனவரி முதல் அது நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை என்ற பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை, காப்புறுதித் தகராறுகளையும் அங்கே கொண்டுபோகலாம்.

அடுத்த முறை சென்னைக்கோ திருச்சிக்கோ மலிவு டிக்கெட் பார்த்து உடனே பணம் கட்டத் தோன்றினால், கட்டணப் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நேரடி வங்கி மாற்றத்துக்குச் சில ரிங்கிட் குறைவாகக் காட்டினாலும், பல மாதம் கழித்துப் பறக்கும் டிக்கெட்டைக் கார்டிலேயே வாங்குங்கள். விமான நிறுவனம் மூடிவிட்டது என்ற செய்தி வந்தால், அன்றைக்கே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள்.